ஆறு அங்குல மடிப்பு

1991-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, முத்துமாரியின் அம்மா இரண்டு மீட்டர் நீல டெரிகாட்டன் துணியைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாள். கோவில்பட்டியில் ஜூன் முதல் வாரம் வரை எந்தத் தையல் கடையிலும் நிற்க இடம் இருக்காது. அப்பா காலை ஆறு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் எழுவார். நான் நான்காம் வகுப்புக்குப் போகவிருந்த பையன். சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பதும், சிதறிக் கிடக்கும் நூல்களைப் பொறுக்குவதும், கரி இஸ்திரிப் பெட்டிக்கு விசிறுவதும் என் வேலை.

"இவ வளர்ற பிள்ளை அண்ணாச்சி. பாத்து வெட்டுங்க" என்று மட்டும் அந்த அம்மா சொன்னாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அவளுடைய விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அப்பா முத்துமாரியை நிறுத்தி, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இஞ்சி டேப்பைப் பிடித்து, இருபத்திரண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். துணியை விரித்தபோதோ, இருபத்திரண்டு அங்குலத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே மேலும் ஆறு அங்குலம் விட்டு, மேல்பக்கமும் இடுப்புப் பட்டிக்குள் செருகுவதற்கு இரண்டு அங்குலம் அதிகமாக விட்டு வெட்டினார். வழக்கமாகப் பள்ளிப் பாவாடைக்குக் கீழே இரண்டு அங்குலம் மடிப்பார்கள். ஆறு அங்குலம் மடித்தால் துணி கனத்து, நடக்கும்போது காலில் அடிக்கும். அது அடிக்காமல் இருக்க மடிப்பை மிஷினில் ஓட்டாமல், வெளியே தெரியாதபடி ஒற்றை இழையில் கையாலேயே ஹெம்மிங் செய்தார். பின்னால் பிரிப்பதற்கும் அதுவே சுலபம்.

சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் அப்போது ஆண்டுக்கு ஒரு செட் சீருடை கொடுத்தது. அது 1985-இல் தொடங்கிய திட்டம். வாரம் முழுவதையும் ஒரே செட்டில் ஓட்ட முடியாது என்பதால் இன்னொன்றை வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். முத்துமாரிக்கு அந்த இன்னொன்று இந்த நீலப் பாவாடைதான். அரசுப் பாவாடை ஆண்டுதோறும் மாறும், இது மாறாது. இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கட்டுவாள்.

அடுத்த ஆண்டு ஜூனில் அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது பாவாடை மீண்டும் கடைக்கு வந்தது. இரவு எட்டரை மணிக்குமேல், மற்ற வாடிக்கையாளர்கள் போன பிறகு, கடைப் பலகைகளில் பாதியை மாட்டிவிட்டுத்தான் அப்பா அதைக் கையில் எடுத்தார். அதற்கான காரணம் அன்று எனக்கு விளங்கவில்லை. ஹெம்மிங் நூலைப் பிரித்து ஒன்றரை அங்குலம் இறக்கி, மீதியை மறுபடி மடித்துத் தைத்தார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று விழுந்திருந்தது. அதற்குக் கீழே வெயிலே படாத துணி புத்தம்புதிதாகக் கருநீலத்தில் தெரிந்தது. அப்பா ஈரத்துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, ஆவி பறக்கத் தேய்த்துப் பார்த்தார். மடிப்பின் முறிவு மறைந்தது, கோடு மறையவில்லை. ஓரம் தரையிலும் பெஞ்சிலும் உரசி உரசித் தேய்ந்த கோட்டை எந்த இஸ்திரியாலும் எடுக்க முடியாது.

கூலியாக ஒரு ரூபாய் வாங்கினார். "கூடப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, ராத்திரி உக்காந்து செஞ்சிருக்கீங்க" என்று அந்த அம்மா சொன்னபோது, "பிரிச்சு விடுறதுக்கு எல்லாருக்கும் ஒரு ரூபாதான் தாயி" என்றார். அந்த ஒரு ரூபாயை அவர் ஒருமுறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. வாங்காமல் விட்டிருந்தால் அந்த அம்மா மறுவருஷம் வந்திருக்கமாட்டாள் என்பதை நான் பெரியவனான பிறகே புரிந்துகொண்டேன்.

1993-இல் மேலும் ஒன்றரை அங்குலம் இறங்கியது. இப்போது கோடு இரண்டு.

இனிச் சொல்லப்போவதை இத்தனை ஆண்டுகள் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் நானும் முத்துமாரியும் ஒரே பள்ளிக்கூடம். ஒருநாள் மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, பையன்கள் நாலைந்து பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக, அவளுடைய பாவாடை ஓரத்தைக் கைகாட்டி, "ஒரு கோடு, ரெண்டு கோடு... எங்கப்பாதான் வருஷா வருஷம் பிரிச்சு விடுறாரு" என்று சத்தமாக எண்ணினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குடத்துக்குக் கை நீட்டுகிறவளைப் போலச் சற்றே குனிந்து, பாவாடையின் முன்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பாவாடையில் அவளை நான் பார்க்கவே இல்லை. அரசுப் பாவாடையையே தினமும் துவைத்துக் கட்டிவந்தாள். மழைக்காலத்தில் அது காய்ந்திராது. காலை வழிபாட்டில் நிற்கும்போது இடுப்புப் பட்டி ஈரமாகக் கறுத்துத் தெரியும்.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. 1994 ஜூனில், பாவாடை மறுபடி வருவதற்கு முன்பே, அவராகவே அந்த வீட்டுக்குப் போய் அதை வாங்கிவந்தார். இரவு பலகையை மாட்டிவிட்டு, அரை பிளேடையும் பாவாடையையும் என் மடியில் வைத்து, "பட்டியைப் பிரி. துணியில பிளேடு படக்கூடாது" என்றார்.

மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, நூலின் தலையைப் பிடித்து இழுத்தால் வரிசையாக விட்டுவரும். ஒரு சுற்றுப் பட்டியைப் பிரிக்க எனக்கு ஒன்றேகால் மணிநேரம் ஆனது. பட்டிக்கும் மடிப்புகளுக்கும் நடுவே பஞ்சுபோல் சேர்ந்திருந்த தூசியில் பசைமாவின் புளித்த வாசனை அடித்தது. ஒரு மடிப்பின் அடியிலிருந்து மருந்து வைக்காத வெறும் தீக்குச்சிகள் இரண்டு என் மடியில் விழுந்தன. பள்ளிவிட்டுப் போனபின் அவளும் அம்மாவோடு உட்கார்ந்து குச்சி அடுக்குகிறாள் என்பதை அந்த இரண்டு குச்சிகள்தான் எனக்குச் சொல்லின. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வேறொரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பிரித்து முடித்தபோதுதான், மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டிக்குள் ஒளித்துவைத்த அந்த இரண்டு அங்குலம் வெளியே வந்தது. இடுப்பிலிருந்து இறக்கினால் பாவாடை நீளும், ஓரத்தில் மூன்றாவது கோடு விழாது. ஆனால் கீழே பிரித்துவிடுவதுபோல அரை மணிநேரத்தில் முடியும் வேலை இல்லை அது. மடிப்புகள் அத்தனையையும் புதிதாக அளந்து, குண்டூசி குத்தி, அவளுடைய இடுப்பு பெருத்த அளவுக்கு ஒவ்வொன்றையும் இம்மி இம்மியாகக் குறைத்து, பட்டியை ஏற்றி, கொக்கியைத் தள்ளிவைக்க வேண்டும். அப்பா அன்று விளக்கை அணைக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. "கோடு ரெண்டும் அப்படியேதானப்பா இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார். மறுநாள் கூலி அதே ஒரு ரூபாய்தான். முத்துமாரி பாவாடையை வாங்கி விரித்து, ஓரத்தைப் பார்த்தாள், கோடுகளை எண்ணினாள். எண்ணிக்கை கூடவில்லை. அந்த வாரமே அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

1995-இல் அவள் எட்டாம் வகுப்பு. பாவாடையின் நிறம் மங்கி, பெஞ்சில் உட்காரும் இடம் பளபளப்பேறிவிட்டது. கீழே மிச்சமிருந்த மடிப்பு மூன்று அங்குலம், அவள் வளர்ந்திருந்ததோ இரண்டரை அங்குலம். அவ்வளவையும் இறக்கினால் மடிக்கத் துணி இராது. அப்பா துணியின் உள்பக்கத்தைத் திருப்பி, விளக்கருகே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாவாடையைப் பட்டி, கொக்கி, பக்கத் தையல் என்று முழுக்கப் பிரித்து, வெறும் துணியாக்கினார். உள்பக்கம் வெயில் காணாத பக்கம். டெரிகாட்டனில் இரண்டு பக்கமும் நெசவு ஒன்றுதான். அதை வெளியே வரும்படி புரட்டிவைத்துத் தைத்தார். மடிப்பின் வெளிப்புறத்தில் தேய்ந்த பழைய கோடுகள் இரண்டும், இப்போது இறக்கியதில் விழுந்த மூன்றாவதும் உள்ளே போய்விட்டன. கீழே அரை அங்குலம் மட்டும் திருப்பி, கடையில் கிடந்த நீல வெட்டுத்துணியில் சாய்வாக ஒரு பட்டை வெட்டி, உள்பக்கம் ஒட்டுக்கொடுத்து, முன்புபோலவே கையால் ஹெம்மிங் போட்டார். நீளம் இருபத்தொன்பதரை வந்தது. தையல் தொழிலில் புதுத்துணி தைப்பதைத்தான் எல்லோரும் திறமை என்பார்கள். பழையதைப் புரட்டி, பிரித்த ஊசித்துளை ஒன்றுகூடத் தெரியாமல் தைப்பவரை நான் அவரைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பாவாடையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அப்பா அப்படிச் சொல்லியனுப்பினார். முத்துமாரி வாசலிலேயே நின்று அதைப் பிரித்தாள். உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழாயடியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். வாய் வரவில்லை. "பட்டியில மேல் கொக்கி நான் தச்சது. இறுக்கமா இருந்தா கொண்டா" என்றேன். "சரி" என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குத் தாவணி. 1996 ஜூனில் தாவணி கட்டிய முத்துமாரி, தங்கச்சி காளீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இந்த முறை அம்மா வரவில்லை. மடித்த நீலப் பாவாடையை மேஜையில் வைத்து, "மாமா, இவ நாலாம் வகுப்புப் போறா. இதை ஏத்தித் தைக்கணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் வியர்வையோடு பிடித்திருந்த ஒரு ரூபாயை அதன் மேல் வைத்தாள்.

அப்பா ரூபாயை எடுத்து டிராயரில் போட்டார். காளீஸ்வரியை நிறுத்தி, பாவாடையை அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அது கரண்டைக்காலையும் மறைத்துத் தரையில் கிடந்தது. இஞ்சி டேப் அவர் கழுத்தில்தான் தொங்கியது, அதை அவர் தொடவில்லை. பாவாடையின் ஓரத்துக்குள் கைவிட்டு, உள்பக்கத் துணியைப் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே மேலே போனார். இரண்டு கோடுகளைத் தாண்டினார். அடுத்த கோட்டில், 1991-இல் அவர் முதன்முதலாக மடித்த அந்த இடத்தில், விரல் நின்றது. அந்தத் தடத்திலேயே துணியை மடித்துப் பிடித்தார். ஓரம் சிறுமியின் முழங்காலுக்குக் கீழே சரியாக நின்றது.

"நூலைக் கோத்துக் குடுடா" என்றார். அப்போதே அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நான் நீல நூலில் ஒற்றை இழை எடுத்து, நுனியை நாவில் நனைத்து, ஊசியில் கோத்துக் கொடுத்தேன்.