ஏழு மாதம் கையில் இருந்த போன்

புது போன் வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏனென்றால் அப்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்; பேட்டரி புதிது, சேமிப்பிடம் காலி, நமக்கும் வாங்கிய சந்தோஷம். அதனால்தான் ஏழு மாதம் தினமும் பயன்படுத்திய பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

நடுத்தர விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போன் இது. 6.67 அங்குல அமோலெட் திரை, 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம், 5000 எம்ஏஎச் பேட்டரி, பின்பக்கம் மூன்று கேமரா. இதே விவரங்களோடு வேறு போன்களும் நிறைய இருக்கின்றன. எனவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைவிட, அன்றாடம் இது எப்படி உழைக்கிறது என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதலில் திரை. இதன் படம் நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே நீளமான செய்தியை விரலால் தள்ளிக்கொண்டே படித்தாலும் எழுத்து கலங்குவதில்லை. என் பழைய போனில் 60 முறைதான். அப்போது அது குறையாகவே தெரியவில்லை. ஆனால் இதற்குப் பழகிய பிறகு பழையதைக் கையில் எடுத்தால், திரை தயங்கித் தயங்கி நகர்வதுபோல் இருக்கிறது. தவிர, அமோலெட் திரையில் கறுப்பாகத் தெரியும் இடங்களில் ஒளிப்புள்ளிகள் அணைந்தே இருக்கும். அதனால் இரவில் கறுப்புப் பின்னணி வைத்துப் படித்தால் கண்ணுக்கும் இதமாக இருக்கிறது, சார்ஜும் மிச்சமாகிறது. இருந்தாலும் உச்சி வெயிலில் இந்தத் திரை தடுமாறுகிறது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அதுமட்டுமல்ல, போன் சூடானால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேலை காரணமாக நாள் முழுக்க வெளியில் அலைபவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல.

அப்புறம் பேட்டரி. காலை ஆறு மணிக்கு சார்ஜரிலிருந்து எடுத்தால், இரவு பத்து மணிக்கு முப்பது சதவீதமாவது மீதி இருக்கும். அதற்குள் இரண்டு மணி நேரம் வீடியோ, ஒரு மணி நேரம் பேச்சு, இடையிடையே செய்தி அனுப்புவது எல்லாம் முடிந்திருக்கும். மாறாக, வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்துவைத்துப் பயணம் செய்த நாட்களில் மாலையிலேயே சார்ஜரைத் தேட வேண்டியிருந்தது. கூடவே வரும் 33 வாட் சார்ஜர் இருபதிலிருந்து எண்பது சதவீதத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இதைவிட வேகமான சார்ஜர்கள் வந்துவிட்டன என்றாலும், எனக்கு இந்த வேகம் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எண்பது சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இதில் இருக்கிறது. லித்தியம் பேட்டரி சூட்டிலும், எப்போதும் நூறு சதவீதத்தில் இருக்கும்போதும்தான் சீக்கிரம் தேய்கிறது. எனவே வாங்கிய நாளிலிருந்தே அந்த வசதியைப் போட்டு வைத்திருக்கிறேன். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மட்டும் எடுத்துவிடுவேன்.

கேமராவைப் பற்றி ஒரே வரியில் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியவில்லை. ஒருபுறம், பகல் வெளிச்சத்தில் முதன்மைக் கேமரா எடுக்கும் படங்கள் அருமை. இலையின் நரம்பு, துணியின் நெசவு எல்லாம் தெளிவாக விழுகின்றன. இது 50 மெகாபிக்சல் கேமரா. ஆனால் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சேர்ப்பதால்தான் ஓரளவு மங்கலான இடத்திலும் படம் சுத்தமாக வருகிறது. மறுபுறம், இரவுப் படங்கள் என்னை ஏமாற்றிவிட்டன. இரவுப் பயன்முறையில் இரண்டு மூன்று நொடி கையை அசைக்காமல் பிடிக்க வேண்டும். கட்டடமோ மரமோ என்றால் சரி. ஓடியாடும் குழந்தை என்றால் முகம் கரைந்துபோகிறது. என் அக்கா மகளின் பிறந்தநாளில் எடுத்த முப்பது படங்களில் நான்குதான் தேறின. மெழுகுவர்த்தியை அவள் ஊதும் படம் ஒன்றுகூட சரியாக வரவில்லை. அந்த நொடி திரும்ப வராது என்பதால் இந்தக் குறையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்றாவதாக இருக்கும், மிக அருகிலிருந்து எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா வெறும் எண்ணிக்கைக்குத்தான். முதன்மைக் கேமராவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் அதைவிட நல்ல படம் கிடைக்கிறது.

வேகத்தில் புகார் இல்லை. அதே சமயம், போனோடு வந்த செயலிகள் பொறுமையைச் சோதித்தன. நான் கேட்காமலேயே இருபதுக்கும் மேற்பட்டவை இருந்தன. சிலவற்றை நீக்க முடிந்தது, மற்றவற்றை முடக்கி வைக்க மட்டுமே முடிந்தது. போதாக்குறைக்கு அவற்றில் சில நாளுக்கு நான்கைந்து விளம்பர அறிவிப்புகளை அனுப்பின. காசு கொடுத்து வாங்கிய போனில் விளம்பரம் எதற்கு? அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக நிறுத்த எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு தொல்லை இல்லை. என்றாலும், போனைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவருக்கு அதை எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

தமிழில் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு விஷயம். விசைப்பலகையும் குரல்வழித் தட்டச்சும் தமிழில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எழுத்தளவைப் பெரிதாக்கினால் மெனுவில் நீளமான சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும் என்றுதான் அம்மா எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அப்படி வைத்துப் பார்த்தபோதுதான் இந்தச் சிக்கல் தெரிந்தது.

மற்றவை சுருக்கமாக. பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கும் கைரேகை உணரி வேகமானது, ஆனால் ஈர விரலை ஏற்பதில்லை. ஒலிபெருக்கி ஒன்றுதான், இருந்தாலும் 3.5 மிமீ ஹெட்போன் துளை இருப்பதால் பாட்டு கேட்பவர்கள் தப்பித்தார்கள். ஐபி54 தரம் என்பதால் தூறலைத் தாங்கும், தண்ணீரில் விழுந்தால் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இதை யார் வாங்கலாம்? படிக்க, பேச, வீடியோ பார்க்க, பகலில் படம் எடுக்க ஒரு போன் வேண்டும் என்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். மாறாக, குழந்தைகளையும் மாலை விழாக்களையும் படம் எடுப்பதுதான் முக்கியம் என்றால், வேறு வசதிகளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது நல்ல கேமரா உள்ள போனைப் பாருங்கள். வாங்கும் முன் கடையிலேயே வெளிச்சம் குறைந்த ஒரு மூலைக்குப் போய், நடந்துகொண்டிருக்கும் ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு படமே போதும்.

அம்மா அடுத்த மாதம் போன் மாற்றப் போகிறார். அவர் இரவில் படம் எடுப்பதே இல்லை, ஆனால் பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரம் பேசுவார். ஆகவே இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். விளம்பர அறிவிப்புகளை நிறுத்தி, மெனு வெட்டுப்படாத அளவுக்கு எழுத்தை வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.