தப்பிக்கும் படிக்கட்டுகளுக்கான அழுத்தமூட்டல்: வடிவமைப்பு அடிப்படை

கட்டடம்: சென்னை, தரைத்தளமும் 20 மாடிகளும் கொண்ட குடியிருப்பு. இந்தக் குறிப்பு இரு படிக்கட்டுகளுக்கும் தனித்தனியே பொருந்தும்.

தீயின்போது புகை படிக்கட்டுக்குள் நுழையாதிருக்க, கதவுகள் மூடியிருக்கும்போது அங்கே தளத்தைவிட 50 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருக்க வேண்டும். இரண்டு கதவுகள் திறந்தால், ஒவ்வொன்றின் வழியாகவும் வெளியேறும் காற்றின் வேகம் விநாடிக்கு 0.75 மீட்டருக்குக் குறையக் கூடாது.

கதவு 1.0 × 2.1 மீட்டர், படிக்கட்டுப் பக்கம் திறப்பது. மூடிய கதவின் கசிவுப் பரப்பு 0.01 சதுர மீட்டர்.

```
கசிவு (மூடிய 19 கதவு): 0.83 × 0.19 × √50 = 1.12 m³/s
திறந்த 2 கதவு: 2 × 2.1 × 0.75 = 3.15 m³/s
கூட்டுத்தொகை 4.27; 25% சேர்த்து 5.33 m³/s
```

மின்விசிறி 5.4 m³/s. திறந்த கதவுகளால் அழுத்தம் சரியும்போதும் முழுக் கசிவையே எடுத்திருக்கிறோம். இது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு.

அழுத்தம் மிகுந்தால் கதவைத் திறக்க முடியாது. இதுவே எனக்குப் பெரிய கவலை. கைப்பிடி விளிம்பிலிருந்து 75 மி.மீ. உள்ளே இருந்தால் 50 பாஸ்கலுக்கு 57 நியூட்டன், மூடும் கருவிக்கு 45, மொத்தம் 102. எங்கள் உச்சவரம்பு 110. முதியவரும் சிறுவரும் திறக்க வேண்டிய கதவு இது. எனவே அழுத்தத்தை அளந்து விசிறியின் வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாடும், மேலே அழுத்தம் விடுவிக்கும் டாம்பரும் கட்டாயம்.

காற்றை மூன்று மாடிக்கு ஒருமுறை செலுத்தவும். ஒரே இடத்தில் கொடுத்தால் அருகிலுள்ள கதவு திறந்ததும் மற்ற மாடிகளுக்குக் காற்று போதாமல் போகும். உறிஞ்சும் வாயில் தரைமட்டத்தில், வாகன நிறுத்தத்தின் புகைபோக்கிக்கு எதிர்ப்புறம். உள்ளே புகை உணரி. மாற்று விசிறியும் ஜெனரேட்டர் இணைப்பும் உண்டு.