மெசேஜ் போட முதல் ஒருக்கா வாசியுங்கோ: இது ஆள் இல்ல, சாட்பொட்

வணக்கம். இப்ப உங்களுக்குப் பதில் எழுதப்போறது எங்கட வெள்ளவத்தை பார்மசியில நிக்கிற ஆக்கள் இல்ல, தானா பதில் எழுதுற ஒரு சாட்பொட். "சரி அம்மா, விளங்குது" எண்டெல்லாம் எழுதும், ஆனா அந்தப் பக்கம் ஒருத்தரும் இருந்து வாசிக்கேல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் ஒரு அம்மா ராத்திரி 11 மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு மெசேஜ் போட்டிருக்கிறா, பதில் உடன உடன வந்தபடியா பார்மசிஸ்ட்தான் கதைக்கிறார் எண்டு நினைச்சு விடியும்வரைக்கும் போனைக் கையில வச்சுக்கொண்டே இருந்திருக்கிறா. பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்ல, ஆனாலும் அது எங்கட பிழைதான், முதலே சொல்லியிருக்கோணும்.

கடை திறக்கிற நேரம், தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் டெலிவரி வருமோ, ஒரு மருந்து ஸ்டொக்கில இருக்கோ, இதுகளைக் கேளுங்கோ, சொல்லும். ஸ்டொக் லிஸ்ட் காலமை ஒருக்காத்தான் மாத்துறம், அதால பின்னேரம் "இருக்கு" எண்டு சொன்னாலும் வெளிக்கிட முதல் கோல் பண்ணிக் கேளுங்கோ.

மருந்து எவ்வளவு குடுக்கிறது எண்டு மட்டும் இதிட்ட தயவுசெய்து கேக்காதேங்கோ. பரசிட்டமோல் சிரப்பையே எடுங்கோ, 5 மில்லிலீட்டர்ல 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கு, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கு, உங்கட வீட்டில எந்தப் போத்தல் இருக்கு, பிள்ளை எத்தனை கிலோ எண்டு பார்க்காம ஒருத்தரும் அளவு சொல்லேலாது, ஆனா சாட்பொட் தெரிஞ்ச மாதிரியே ஒரு கணக்கை எழுதிப்போடும், பிழையா இருந்தாலும் தயங்காது. ரெண்டு மருந்து சேர்த்துக் குடிக்கலாமோ, பிரஷர் குளிசையை நிப்பாட்டலாமோ எண்டதும் இப்பிடித்தான், டொக்டரிட்டயோ பார்மசிஸ்டிட்டயோதான் கேக்கோணும்.

டொக்டர்ட துண்டைப் படம் எடுத்து அனுப்பினா அதுக்கு வாசிக்கத் தெரியாது, வொய்ஸ் மெசேஜும் கேக்காது. துண்டை நாங்கள்தான் பார்த்து உங்களுக்குக் கோல் எடுப்பம். காசும் இது வாங்காது, கார்ட் நம்பர், ஓடிபி கேட்டு மெசேஜ் வந்தா அது எங்கட இல்ல, குடுத்திடாதேங்கோ. நீங்க எழுதுறதை எங்கட ஸ்டாவ் பிறகு வாசிக்கக்கூடும், அதால மற்ற ஆக்களுக்குத் தெரியக்கூடாத வருத்தங்களை இதில எழுதாம நேர வந்து சொல்லுங்கோ.

மூச்சு எடுக்கேலாம இருக்கு, நெஞ்சு நோகுது, வலிப்பு, பிள்ளை மருந்தை எடுத்துக் குடிச்சிட்டுது எண்டா இதுக்கு எழுதிக்கொண்டு நிக்காதேங்கோ, உடன 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. இந்தச் சாட்பொட்டால ஒருத்தருக்கும் கோல் எடுக்கேலாது, எங்களையும் எழுப்பேலாது.

மனுசரோட கதைக்கோணும் எண்டா "ஆள் வேணும்" எண்டு டைப் பண்ணுங்கோ. காலமை 8 மணியில இருந்து ராத்திரி 9 மணி மட்டும் எங்கள்ள ஒருத்தர் திருப்பிக் கோல் எடுப்பம். அதுக்குப் பிறகு போட்டீங்கள் எண்டா அடுத்த நாள் காலமைதான் பார்ப்பம்.