திட்ட நிறைவு அறிக்கை: பழைய இதழ்த் தொகுப்பை மின்னுருவாக்கும் பணி

பெறுநர்: நூலகக் குழு, நிதி வழங்கிய அமைப்பு
அனுப்புநர்: திட்ட ஒருங்கிணைப்பாளர்
திட்டமிட்ட காலம்: 18 மாதம். எடுத்துக்கொண்ட காலம்: 21 மாதம்.

1. சுருக்கமாக

நூலகத்தில் பைண்ட் செய்து வைத்திருந்த 1,150 பழைய இதழ்த் தொகுதிகளையும் ஸ்கேன் செய்து, தேடிப் படிக்கும்படி இணையத்தில் திறந்துவைப்பதாக ஏற்றுக்கொண்டோம். 1,034 தொகுதிகள் முடிந்தன, 116 முடியவில்லை. ஒதுக்கிய பணத்தில் 11.75 சதவீதம் செலவாகவில்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி நாங்கள் சிக்கனமாக இருந்ததால் மிஞ்சியதல்ல. செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யாததால் மிஞ்சியது. குழு இந்த அறிக்கையை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2. திட்டமிட்டதும் நடந்ததும்

ஸ்கேன் வேலையில் இலக்கு 2,40,000 பக்கம். முடிந்தது 2,11,600 பக்கம். எல்லாப் பக்கங்களும் அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில், முழு வண்ணத்தில், சுருக்கப்படாத மூலக்கோப்புகளாக உள்ளன. தரத்தில் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

விட்டுப்போன 116 தொகுதிகளில் 42 பதிப்புரிமைச் சிக்கலால் நிற்கின்றன. உரிமைக் காலம் இன்னும் முடியாதவை அவை. உரிமையாளர்களின் வாரிசுகளைத் தேடி எழுதினோம். 31 பேரிடமிருந்து அனுமதிக் கடிதம் வந்தது, அந்த இதழ்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இந்த 42-க்கு யாரும் பதில் எழுதவில்லை. மீதி 74 தொகுதிகளைத் திறக்கவே முடியவில்லை. மரக்கூழில் செய்த மலிவான தாள் அது. அமிலம் ஊறி, பழுப்பேறி, பக்கத்தைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிர்கிறது. பழுதுபார்ப்பு நிபுணர் கைவைத்த பிறகுதான் அவற்றை ஸ்கேனரில் வைக்க முடியும்.

வேகத்தைக் கணித்ததில் தவறிவிட்டோம். ஒரு ஸ்கேனரில் ஒரு நாளைக்கு 700 பக்கம் என்று போட்டிருந்தோம். உண்மையில் சராசரி 460 பக்கம்தான் வந்தது. இயந்திரம் படம் எடுக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்திருந்தோம். நைந்த தாளை விரலால் தூக்கித் திருப்ப ஆகும் நேரத்தை விட்டுவிட்டோம். போதாததற்கு, ஸ்கேன் ஆட்கள் இருவரின் இடம் இரண்டரை மாதம் காலியாகக் கிடந்தது. மூன்று மாதத் தாமதத்துக்கு முக்கியக் காரணங்கள் இவை இரண்டும்தான்.

தேடும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசகருக்குப் பயன்படப்போவது அதுதான். எழுத்துணரி மென்பொருள் 100-க்கு 95 எழுத்தையாவது சரியாகப் படிக்க வேண்டும் என்பது இலக்கு. பிற்கால இதழ்களில் அது எளிதாகக் கிடைத்தது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் முதல் சோதனையில் 81-தான் வந்தது. அந்தக் கால அச்சில் ணை, லை, ளை, னை நான்குக்கும் மேலே துதிக்கை போன்ற கொம்பு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் சுழிந்து ஒரே எழுத்தாக இருக்கும். மென்பொருளுக்கு இந்த வடிவங்கள் அறிமுகமே இல்லை. ஒரு கட்டுரை முழுவதும் 'கலை', 'மலை', 'விலை' எல்லாம் வேறு எதுவாகவோ மாறிப்போயின. அப்படி ஒரு தேடல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆகவே 1,800 வரிகளைக் கையால் தட்டச்சு செய்து, படத்தோடு இணைத்து, டெசராக்ட் மென்பொருளுக்கு மீண்டும் பயிற்சி கொடுத்தோம். இரண்டு மாதம் பிடித்தது. இப்போது பழைய அச்சில் 93 வருகிறது. இலக்குக்கு 2 குறைவு, அதை எட்டியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த வேலை இதுதான். அந்த 1,800 வரிகளும் பயிற்சி பெற்ற மாதிரியும் வேறு எந்த நூலகத்துக்கும் உதவும். கேட்பவர்களுக்குத் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

இணையதளம் 12-ஆம் மாதத்தில் திறக்க வேண்டியது, 16-ஆம் மாதத்தில்தான் திறந்தது. பயிற்சியில் 6 பேருக்கு இலக்கு, முழுமையாக முடித்தவர்கள் 4 பேர்.

3. வரவு செலவும் செலவாகாத தொகையும்

எல்லாத் தொகையும் ஆயிரங்களில்.

| இனம் | ஒதுக்கீடு | செலவு | மீதி |
|---|---|---|---|
| கருவிகள் | 1,450 | 1,512 | −62 |
| ஊதியம் | 1,900 | 1,784 | 116 |
| தாள் பழுதுபார்ப்பு | 520 | 188 | 332 |
| சேமிப்பகம், இணையதளம் | 480 | 446 | 34 |
| பயிற்சி | 150 | 96 | 54 |
| எதிர்பாராச் செலவு | 300 | 210 | 90 |
| மொத்தம் | 4,800 | 4,236 | 564 |

கருவிகளில் 62 கூடுதலாகப் போனதற்கு, மின்தடையைத் தாங்கும் யூபிஎஸ் ஒன்றைத் திட்டத்தில் சேர்க்க மறந்ததே காரணம். ஊதியத் தலைப்பிலிருந்து அதை மாற்றிக்கொள்ள 7-ஆம் மாதத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம். எதிர்பாராச் செலவின் 210 முழுவதும் மேலே சொன்ன எழுத்துணரிப் பயிற்சி வேலைக்குப் போனது.

இனி, பழுதுபார்ப்பில் நிற்கும் 332. நிபுணரைத் தேடும் வேலையை 10-ஆம் மாதத்தில்தான் தொடங்கினோம். இப்படி வேலை தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவர்கள் கையில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் மாதத்திலேயே பதிவு செய்திருந்தால் அந்த 74 தொகுதிகளில் பாதியாவது முடிந்திருக்கும். தாமதித்தது என் முடிவு, பொறுப்பும் என்னுடையதே.

டேப் நகல் எடுத்ததற்கான கடைசி பில் இன்னும் வரவில்லை. அதற்கு 38 நிறுத்திவைத்திருக்கிறோம். அதுபோக மீதி 526. ஒப்பந்தப்படி செலவாகாத தொகையை 60 நாளில் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு பயன்பாட்டுக்கு முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். 526-இல் 194-ஐ உடனே திருப்பித் தருகிறோம். மீதி 332-ஐ அதே பழுதுபார்ப்பு வேலைக்கு, அதே 74 தொகுதிகளுக்கு, 12 மாதம் நீட்டித்துத் தர வேண்டும் என்று நிதி வழங்கிய அமைப்பைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தாள்கள் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

4. கற்றுக்கொண்டவை

திட்டம் எழுதும் முன் 50 தொகுதிகளை எடுத்து அவற்றின் நிலையைச் சோதித்தோம். கைக்கு எட்டும் நடு அடுக்கிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தோம், அங்கேதான் பிழை. ஈரமும் தூசியும் படிந்த அடி அடுக்கைத் தொடவே இல்லை. உதிர்ந்த 74-இல் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. தாளின் மூலையை முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்து, ஒடிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அடுத்த முறை ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சம அளவில் எடுத்து அதைச் செய்துவிட்டுத்தான் பணம் கேட்க வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும் விதியை முதல் நாளே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் ஆளுக்கு ஒரு விதமாகப் பெயர் வைத்ததால் 9,400 கோப்புகளை மீண்டும் பெயர் மாற்றினோம். இப்போது எல்லாம் `PR_0412_0037.tif` என்ற வடிவில் உள்ளன: தொகுதி எண், அப்புறம் பக்க வரிசை எண்.

கோப்பை நகலெடுத்தால் அது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 8-ஆம் மாதத்தில் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது 212 கோப்புகள் நகலில் சிதைந்திருந்தன. நல்லவேளையாக மூலம் அழியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நகலுக்குப் பின்னும் இதை ஓட்டுகிறோம்:

```
sha256sum --quiet -c manifest.txt
```

எதுவும் திரையில் வராவிட்டால் எல்லாம் சரி. ஏதாவது கோப்பின் பெயர் வந்தால் அந்த நகலை ஏற்கக் கூடாது. இதை நிறுத்தாமல் தொடருங்கள்.

இன்னொன்று: எத்தனை பேர் படிக்க வேண்டும் என்று நாங்கள் இலக்கே வைக்கவில்லை. பக்கங்களை எண்ணினோம், வாசகரை எண்ணவில்லை. அதனால் இந்த வேலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இந்த அறிக்கையில் என்னால் எண்ணிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

5. உடைமைகள் ஒப்படைப்பு

புத்தகத்தை முழுவதும் விரிக்காமல் வி வடிவத் தொட்டிலில் வைத்து எடுக்கும் ஸ்கேனர்கள் 2, கணினிகள் 3, யூபிஎஸ் 1, வலையமைப்புச் சேமிப்பகம் 1, எல்.டி.ஓ-7 டேப் டிரைவ் 1 ஆகியவை நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டன. இரண்டாவது ஸ்கேனரின் விளக்கு மங்கி வருகிறது, ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். வெளி வன்தட்டுகள் 4 வாங்கினோம், ஒப்படைப்பது 3. ஒன்றைக் காணவில்லை. அதில் இருந்தவை வேலை நகல்கள் மட்டுமே, எந்தப் பக்கமும் இழப்பாகவில்லை. ஆனாலும் காணாமல் போனது என்றே பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

மூலக்கோப்புகள் மொத்தம் சுமார் 6.8 டெராபைட். ஒரு நகல் சேமிப்பகத்தில், ஒரு நகல் நூலகத்தில் உள்ள 2 டேப்புகளில், இன்னொரு நகல் வேறு கட்டடத்தில் உள்ள 2 டேப்புகளில் இருக்கிறது. ஒரு முக்கியமான விஷயம்: எல்.டி.ஓ-9 டிரைவ் இந்த எல்.டி.ஓ-7 டேப்புகளைப் படிக்காது. எல்.டி.ஓ-8 டிரைவ் வரைதான் இவற்றைப் படிக்கும். புதிய டிரைவ் வாங்கிய பிறகு பழையதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முதலில் டேப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றுங்கள்.

கையில் பிடிக்க முடியாத உடைமைகளும் உண்டு: இணையதள முகவரியின் பதிவு, நிர்வாகக் கடவுச்சொற்கள், 31 அனுமதிக் கடிதங்களின் மூலங்கள், பயிற்சி வரிகள், எழுத்துணரி மாதிரி. கடிதங்கள் நூலகரின் பூட்டிய அலமாரியில் உள்ளன. கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் கொடுத்தோம். நூலகத்தின் கணினிப் பொறுப்பாளர் அவற்றை எங்கள் எதிரிலேயே மாற்றி, எங்கள் கணக்குகளை நீக்கினார்.

6. நிலுவையில் உள்ளவை

டேப் பில் வந்ததும் கணக்கர் 38-க்குள் தீர்த்து, மீதி இருந்தால் திருப்பி அனுப்புவார். பதில் வராத 42 தொகுதிகளின் கடிதப் போக்குவரத்து முழுவதும் நூலகரிடம் ஒரு கோப்பாக உள்ளது. வருடத்துக்கு ஒரு முறை மீண்டும் எழுதிப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 74 தொகுதிகளும் அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், படுக்கைவாட்டில், நடு அடுக்குக்கு மாற்றப்பட்டுள்ளன. பெட்டியின் மேல் 'திறக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. நிதி நீட்டிப்புக்கு அனுமதி கிடைத்தால் எந்த வரிசையில் பழுதுபார்க்க வேண்டும் என்ற பட்டியல் முதல் பெட்டிக்குள் இருக்கிறது. மிகவும் நைந்தவை முதலில்.