லாப நட்டமற்ற புள்ளி: கடலூர் முதுநகர் ஐஸ் ஆலைக் கணக்கு
மேலாண்மைக் கணக்கியல், வகுப்புக் குறிப்பு

இந்தக் குறிப்பில் உள்ள ஆலை கற்பனை. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய எந்த ஐஸ் ஆலையின் கணக்குப் புத்தகமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 50 கிலோ கட்டிகள் உறைகின்றன. ஒரு நாளைக்கு 400 கட்டி, மாதம் 25 நாள் ஓட்டம், ஆக உச்சத் திறன் மாதம் 10,000 கட்டி. வாங்குவோர் விசைப்படகுக்காரர்களும் மீன் வியாபாரிகளும். விலை கட்டிக்கு ரூ.120, ஆலையே கொண்டுபோய்க் கொடுக்கிறது.

செலவைப் பிரித்தல்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்று ஒரு கட்டி கூடுதலாக விற்றால் இந்தச் செலவு ஏறுமா? ஏறினால் மாறும் செலவு. ஏறாவிட்டால் நிலையான செலவு. பணம் மாதாமாதம் போகிறதா, தினமும் போகிறதா என்பதை வைத்துப் பிரிக்கக் கூடாது. லோடு ஏற்றுபவர்களுக்கு வாரக் கடைசியில் மொத்தமாகக் கூலி கொடுத்தாலும், கட்டி எண்ணிக் கொடுப்பதால் அது மாறும் செலவுதான்.

| மாறும் செலவு (ஒரு கட்டிக்கு) | ரூ. |
|---|---|
| மின்சாரம், 3.5 யூனிட் × ரூ.8 | 28 |
| தண்ணீர் | 4 |
| உப்பு, அமோனியா, ஆயில் | 3 |
| ஏற்றுகூலி, உடைகூலி | 15 |
| குட்டியானை வாடகை | 22 |
| மொத்தம் | 72 |

| நிலையான செலவு (மாதத்துக்கு) | ரூ. |
|---|---|
| இட வாடகை | 60,000 |
| ஆபரேட்டர்கள், மேற்பார்வையாளர், காவலாளி சம்பளம் | 84,000 |
| மின்சாரத் தேவைக் கட்டணம், 100 கேவிஏ × ரூ.600 | 60,000 |
| தேய்மானம் | 52,000 |
| பராமரிப்பு ஒப்பந்தம் | 14,000 |
| காப்பீடு, உரிமங்கள் | 8,000 |
| அலுவலகச் செலவு | 10,000 |
| மொத்தம் | 2,88,000 |

மின்சாரம் இரண்டு பட்டியலிலும் இருப்பதைக் கவனியுங்கள். தேர்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. கரன்ட் பில் ஒரே தாளில் வந்தாலும் உள்ளே இரண்டு செலவு இருக்கிறது. உயரழுத்த இணைப்பில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேவைக் கட்டணம் உண்டு. யூனிட் கட்டணம் மட்டுமே உற்பத்தியோடு ஏறி இறங்கும்.

பில்லில் பிரித்துக் காட்டாத செலவாக இருந்தால் உச்ச–நீச முறையில் பிரிக்கலாம். அதிகம் உற்பத்தியான மாதம் 8,000 கட்டி, பில் ரூ.2,84,000. குறைந்த மாதம் 5,000 கட்டி, பில் ரூ.2,00,000. வித்தியாசம் 84,000 ÷ 3,000 = கட்டிக்கு ரூ.28. எனவே நிலையான பகுதி 2,84,000 − (8,000 × 28) = ரூ.60,000.

இந்த முறை இரண்டே மாதங்களை நம்பி நிற்கிறது. அதனால் அந்த இரண்டும் வழக்கமான மாதங்களாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் பழுதாகி, பாதி உறைந்த கட்டி கரைந்து, மறுபடி உறையவைத்த மாதத்தை எடுத்தால் யூனிட் செலவு தப்பாக வரும். மே மாத வெயிலில் கண்டன்சர் சூடாவதால் அதே கட்டிக்கு அதிக யூனிட் இழுக்கும். அதையும் தவிர்ப்பது நல்லது.

புள்ளியைக் கண்டுபிடித்தல்

ஒரு கட்டியின் பங்களிப்பு = 120 − 72 = ரூ.48

புள்ளி = நிலையான செலவு ÷ பங்களிப்பு = 2,88,000 ÷ 48 = 6,000 கட்டி

ரூபாயில் வேண்டுமானால் பங்களிப்பு விகிதம் 48 ÷ 120 = 40%. 2,88,000 ÷ 0.40 = ரூ.7,20,000. சரிபார்க்க: 6,000 × 120 = 7,20,000.

மாதம் 8,000 கட்டி விற்றால் லாபம் 2,000 × 48 = ரூ.96,000. பாதுகாப்பு விளிம்பு 2,000 ÷ 8,000 = 25%; அதாவது விற்பனை கால்பங்கு சரியும்வரை நட்டம் இல்லை. மாதம் ரூ.72,000 லாபம் வேண்டுமென்றால் (2,88,000 + 72,000) ÷ 48 = 7,500 கட்டி.

விடை பின்னத்தில் வந்தால் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். தேய்மானம் கையிலிருந்து போகும் பணம் அல்ல என்பதால் அதை நீக்கிப் பார்த்தால் 2,36,000 ÷ 48 = 4,916.67, ரொக்க அளவில் சமாளிக்க 4,917 கட்டி தேவை. 4,916 என்று எழுதினால் தவறு, ஏனெனில் அந்த அளவில் ரூ.32 துண்டு விழும்.

6,000 எப்போது பொய்யாகும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் சில்லறை வியாபாரமும் சேர்ந்து மாதம் 2,000 கட்டி போகிறது என்று வைப்போம். பங்களிப்பு ரூ.96,000, நட்டம் ரூ.1,92,000. வாடகையும் சம்பளமும் தேவைக் கட்டணமும் தடைக்காலம் பார்ப்பதில்லை.

ஆண்டுக்குக் கணக்கிட்டால் நிலையான செலவு 34,56,000, புள்ளி 72,000 கட்டி. தடைக்கால இரண்டு மாதத்தில் 4,000 போனால், மீதி 68,000 கட்டியைப் பத்து மாதத்தில் விற்றாக வேண்டும்: மாதம் 6,800. மாதம் 6,000 விற்று ‘கைக்கும் வாய்க்கும் சரி’ என்று பத்து மாதம் இருந்தவருக்கு, ஆண்டு முடிவில் 8,000 × 48 = ரூ.3,84,000 நட்டம். பருவத் தொழிலில் மாதப் புள்ளியை மட்டும் சொல்லி நிறுத்துவது அரைவிடை. ஐப்பசி, கார்த்திகைப் புயல் எச்சரிக்கை நாட்களையும் சேர்த்தால் 6,800 இன்னும் ஏறும்.

அடுத்தது கரைசல். உறைந்த 100 கட்டியில் 95 மட்டுமே விற்கிறது என்றால், உறையவைக்கும் செலவான ரூ.35-ஐ (28 + 4 + 3) விற்ற கட்டிகள்தான் சுமக்க வேண்டும்: 35 ÷ 0.95 = ரூ.36.84. பங்களிப்பு ரூ.46.16 ஆகிறது, புள்ளி 6,240 கட்டி. கூலியும் வண்டி வாடகையும் விற்ற கட்டிக்கே கொடுப்பதால் அவை மாறவில்லை. மொத்தம் 72-ஐயும் 0.95-ஆல் வகுப்பது வழக்கமான பிழை.

விலைக் குறைப்பு இன்னும் கடுமையானது. போட்டிக்காகக் கட்டிக்கு ரூ.10 குறைத்தால் விலையில் அது 8.3% தான், பங்களிப்போ 48-லிருந்து 38-ஆக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. புள்ளி 7,579 கட்டி. பழைய ரூ.96,000 லாபத்தைத் தக்கவைக்க 3,84,000 ÷ 38 = 10,106 கட்டி விற்க வேண்டும். ஆலையின் திறனே 10,000. காகிதத்தில் விடை வந்துவிடும், தொட்டியில் கேன் இருக்காது. எந்த விடையையும் திறனோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். திறனைக் கூட்ட இன்னொரு கம்ப்ரசர் வைத்தால் தேய்மானமும் தேவைக் கட்டணமும் படியேறும். பழைய 2,88,000 அங்கே செல்லாது.

பயிற்சி

உரிமையாளர் வாடகை வண்டியை விட்டுச் சொந்தக் குட்டியானை வாங்குகிறார். கட்டிக்கு வண்டிச் செலவு ரூ.22-லிருந்து ரூ.10 ஆகிறது, தவணை வட்டி, ஓட்டுநர் சம்பளம், தேய்மானம் சேர்ந்து நிலையான செலவு மாதம் ரூ.42,000 கூடுகிறது.

அ) புதிய புள்ளி என்ன? (விடை: 5,500)
ஆ) மாதம் எத்தனை கட்டிக்கு மேல் போனால் சொந்த வண்டி லாபம்? (விடை: 3,500)
இ) தடைக்கால மாதத்தில் 2,000 கட்டி மட்டும் போனால் நட்டம் எவ்வளவு கூடும்? (விடை: ரூ.18,000)
ஈ) பத்து மாதம் 7,000 கட்டி, இரண்டு மாதம் 2,000 கட்டி என்ற ஆண்டில் வண்டி வாங்குவதால் லாபம் எவ்வளவு மாறும்? படிநிலைகளுடன் எழுதி அடுத்த வகுப்பில் தரவும்.