பகுதி 5: விலை நிர்ணயம் (கையால் செய்யும் குளியல் சோப்பு, அம்பாசமுத்திரம்)

இந்தப் பகுதியில் மூன்று சோப்புகளுக்கு விலை வைத்திருக்கிறோம்: தினசரி தேங்காய் சோப்பு, வெட்டிவேர் சோப்பு, தாம்பூலப் பைக்கான சிறிய சோப்பு. தினசரி சோப்புக்கு அடக்க விலையோடு லாபம் சேர்த்திருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் வாங்குபவர் தரும் மதிப்பை வைத்து விலை போட்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே முறை போதாதா என்று வங்கியில் கேட்பார்கள் என்பதால் கணக்கை முழுதாகவே எழுதுகிறோம்.

அடக்க விலை

வெட்டிவேர் சோப்பின் ஒரு பேட்சுக்கு 5 கிலோ எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 2.5 கிலோ, தவிட்டு எண்ணெய் 1.75 கிலோ, விளக்கெண்ணெய் 750 கிராம். இதற்குக் காஸ்டிக் சோடா 740 கிராம் போகும். எண்ணெயில் ஏறக்குறைய 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி வைத்த அளவு இது. வெட்டினால் 60 கட்டி வரும். வெட்டும்போது கட்டி 115 கிராம் இருக்கும், ஆறு வாரம் காய்ந்ததும் 100 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். உறையில் 100 கிராம் என்றுதான் போடுகிறோம்.

| செலவு (ஒரு பேட்ச்) | ரூபாய் |
|---|---|
| தேங்காய் எண்ணெய், கிலோ 380 | 950 |
| தவிட்டு எண்ணெய், கிலோ 150 | 262 |
| விளக்கெண்ணெய், கிலோ 200 | 150 |
| காஸ்டிக் சோடா | 74 |
| வெட்டிவேர்ப் பொடி, எலுமிச்சம்புல் எண்ணெய் | 350 |
| கையுறை, மின்சாரம், சில்லறை | 60 |
| பெட்டி, லேபிள் | 420 |
| கூலி, 8 மணி நேரம் | 560 |
| வாடகை, உரிமம், போன் (இந்த பேட்சின் பங்கு) | 234 |
| மொத்தம் | 3,060 |

60-ஆல் வகுத்தால் 51 ரூபாய். ஆனால் காயும்போது மூன்று கட்டியாவது வளைந்தோ வேர்த்தோ விற்க முடியாமல் போகும். அதனால் 57-ஆல்தான் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 54 ரூபாய் வரும். எங்கள் இருவரின் உழைப்பும் இந்தக் கூலியில் அடக்கம். வீட்டில் சோப்பு செய்து விற்பவர்கள் பலர் தங்கள் கூலியை எழுதுவதில்லை. அதனால் 60 ரூபாய்க்கு விற்று லாபம் வருகிறது என்று நம்புகிறார்கள்.

வெட்டிவேர் எண்ணெய் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். அது விலை மிக அதிகம். மணம் எழும் அளவுக்கு ஊற்றினால் இந்தக் கணக்கே உடைந்துவிடும். பொடியும் எலுமிச்சம்புல் எண்ணெயுமே போதும் என்று முடிவு செய்தோம். பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

தினசரி சோப்பில் வாசனை எண்ணெய் கிடையாது, பெட்டிக்குப் பதில் காகிதப் பட்டை. அதன் அடக்கம் 43 ரூபாய். தாம்பூலப் பைக்கான 50 கிராம் சோப்பு, பெயர் அச்சிட்ட உறையோடு சேர்த்து 30 ரூபாய் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் அடக்கம் + 40 சதவீதம் என்று வைத்தால்

வெட்டிவேர் சோப்பின் விலை 76 ரூபாய் ஆகும். நேரில் விற்றால் குறையில்லை. ஆனால் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் உள்ள இயற்கைப் பொருள் கடைகள் எம்.ஆர்.பி.யில் 30 சதவீதம் கமிஷன் கேட்கின்றன. 76-இல் அது போனால் நமக்கு வருவது 53 ரூபாய். அடக்கத்தை விட ஒரு ரூபாய் குறைவு! கடைக்காரர் கமிஷனையும் சேர்த்து விலை போட வேண்டுமானால் 108 ரூபாயில் வந்து நிற்கும். 76-க்கும் 108-க்கும் இடையே எது சரி என்று இந்த முறை சொல்லாது. எங்கே விற்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல் தேங்காய் எண்ணெய். 2025-இல் அதன் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். கிலோ 380-லிருந்து 450 ஆனால் கட்டிக்கு மூன்று ரூபாய் கூடும். அடக்கத்தோடு லாபம் சேர்க்கும் முறையில் அந்த மூன்று ரூபாய் கடை விலையில் ஆறு ரூபாயாகிவிடும். ஒவ்வொரு தடவையும் லேபிள் மாற்ற முடியாது. அடிக்கடி விலை மாறும் சோப்பைக் கடைக்காரரும் அலமாரியில் வைக்க மாட்டார்.

இருந்தாலும் தினசரி சோப்புக்கு இதே முறையைத்தான் வைத்திருக்கிறோம். அதை வாங்குபவர் கடைச் சோப்போடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார். கூட 15, 20 ரூபாய் கொடுப்பார். அதற்கு மேல் கொடுக்க மாட்டார். 43-க்கு 40 சதவீதம் சேர்த்தால் 60 ரூபாய். இதைக் கடைகளுக்குக் கொடுப்பதில்லை. பட்டறையிலும் வீட்டு விநியோகத்திலும் மட்டும் விற்கிறோம். தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 60 ரூபாய்க்கு மேல் ஏறினால்தான் விலையை 65 ஆக்குவோம்.

வாங்குபவர் மதிப்பு

பத்தமடையில் பாய் வாங்கப் போனவருக்கு இது புதிதல்ல. கோரை ஒன்றேதான், சாதாரணப் பாய்க்கு ஒரு விலை, நெருக்கமாக நெய்த பட்டுப் பாய்க்குப் பல மடங்கு விலை. கோரையை எடைபோட்டு யாரும் பட்டுப் பாய்க்கு விலை சொல்வதில்லை.

சோப்பில் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது? நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எண்ணெய் சோப்பாகும்போது உண்டாகும் கிளிசரின் இதில் அப்படியே இருக்கிறது, பெரிய ஆலைகளில் பெரும்பாலும் அதைத் தனியே எடுத்துவிடுவார்கள்; ஆறு வாரம் காய்ந்தது; என்னென்ன எண்ணெய் என்று பெட்டியில் முழுதாக எழுதியிருக்கிறது. சொரி போகும், படை போகும் என்று எழுதினால் விலையை இன்னும் ஏற்றலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாக உரிமம் பெறுவது. அதை மருந்து என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தராது. அந்த விலை எங்களுக்கு வேண்டாம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வரும் அம்பை, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சோப்பு நன்றாக நுரைக்கும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் உவர்ப்பான போர் தண்ணீரில் குளிக்கிறவருக்கு அதே சோப்பு நுரை குறைந்து, வாளியில் வெள்ளைப் படலம் விடும். அவருக்கு 120 ரூபாய் சோப்பு 40 ரூபாய் சோப்பை விட மோசமாகத்தான் தெரியும். அதனால் தெற்கே உள்ள கடைகளுக்கு முதல் வருடம் வெட்டிவேர் சோப்பைக் கொடுக்கவே போவதில்லை. தேங்காய் எண்ணெய் கூடுதலாக உள்ள கலவை தயாரான பிறகு பார்க்கலாம்.

குற்றாலம் சீசனை நம்பி இந்தத் திட்டம் எழுதப்படவில்லை. அருவியில் சோப்பு, ஷாம்பூ போட்டுக் குளிக்கத் தடை இருக்கிறது. அங்கே வருபவர் ஊருக்குக் கொண்டுபோக வாங்கினால் உண்டு, அவ்வளவுதான். எங்களுக்கு முக்கியமானவர்கள் பாளையங்கோட்டை, திருநெல்வேலி நகரக் குடும்பங்கள், அப்புறம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். விற்பனை மேசையில் வெட்டிவேர் சோப்பை 95-க்கும் 120-க்கும் மாற்றி வைத்துப் பார்த்தோம். வாங்கியவர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. 150 என்றதும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். எம்.ஆர்.பி. 120 என்று முடிவு செய்தோம். கடை வழியே நமக்கு 84 ரூபாய் வரும், அடக்கம் போக 30 மிஞ்சும். நேரில் விற்றால் 66 மிஞ்சும்.

சென்னைக்கு 150, அம்பையில் 110 என்று வைக்கலாமே என்று கேட்டால், ஒரே பொட்டலத்துக்கு இரண்டு எம்.ஆர்.பி. போட எடை அளவைச் சட்ட விதிகள் இடம் தரவில்லை. எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்கலாம், மேலே கூடாது. ஆகவே வேறு விலை வேண்டுமானால் வேறு பொருளாக இருக்க வேண்டும். தாம்பூலப் பைக்கான சோப்பு அப்படித்தான் வந்தது. மணமகன், மணமகள் பெயர் அச்சிட்ட 50 கிராம் கட்டி 55 ரூபாய், குறைந்தது 100 கட்டி. கிராம் கணக்குப் பார்த்தால் தினசரி சோப்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கல்யாண வீட்டில் அதை யாரும் கடைச் சோப்போடு ஒப்பிடுவதில்லை. தேங்காய், ஸ்டீல் கிண்ணம், ஜாக்கெட் துணி ஆகியவற்றோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஆறு வாரம் காயவேண்டும் என்பதால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே பாதிப் பணம் வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் எடுப்போம்.

மாதக் கணக்கு

மாதம் 20 பேட்ச்: தினசரி 8, வெட்டிவேர் 10, தாம்பூலம் 2. தினசரியில் 456 கட்டி, 27,360 ரூபாய். வெட்டிவேரில் 570 கட்டி. நேரில் 300, கடை வழியே 270 என்று வைத்தால் 58,680. தாம்பூலத்தில் 228 கட்டி, 12,540. மொத்த வரவு 98,580, அடக்கம் 57,228, மிச்சம் 41,352 ரூபாய். இதே சரக்கை இதே வழிகளில் அடக்கம் + 40 சதவீதத்தில் விற்றால் மிச்சம் 17,000-ஐத் தொடாது. 4 லட்சம் கடனுக்கு ஐந்து வருடத் தவணை மாதம் 8,700 ரூபாய் அளவில் வரும். நேரில் விற்கும் வெட்டிவேர் சோப்பு பாதியாகக் குறைந்தாலும் 23,000 மிஞ்சும், தவணை தவறாது. மேசை வாடகை, கூரியர் செலவு இதில் இல்லை. கூரியர் செலவை வாங்குபவரே தருவார்.

பணம் முடங்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 300 கட்டி வீதம் ஆறு வாரச் சரக்கு, அதாவது 1,800 கட்டி, எப்போதும் தட்டில் காய்ந்துகொண்டிருக்கும். பெட்டி கட்டும் முன்னரே ஒரு கட்டியில் சுமார் 40 ரூபாய் போயிருக்கும். அது 72,000 ரூபாய். நடைமுறை மூலதனமாக இவ்வளவைக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பதால், தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, சரக்குக்கான வரம்பு 40 லட்சம். ஆனால் பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு வேண்டும். சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பதிவு செய்ததும் 120-க்குள் வரி 5 ரூபாய் 70 பைசா போகும், எம்.ஆர்.பி.யை ஏற்றாமல் அதை நாங்களே தாங்கிக்கொள்வோம். பதிவுக்குப் பிறகு கொள்முதலில் கட்டிய வரி திரும்ப வருவதால் சுமை இன்னும் கொஞ்சம் குறையும்.

கடைகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கமிஷன் தருவதில்லை, 30 நாளைக்கு மேல் கடனும் தருவதில்லை. வெட்டிவேர் சோப்பின் அடக்கம் 65 ரூபாயைத் தாண்டினால் மட்டும் 120 என்ற விலையை மறுபடி எடுத்துப் பேசுவோம்.