டால்–ஹில் 1950: புகைப்பழக்கமும் நுரையீரல் புற்றுநோயும் – வாத வரைபடம்

வியாழக்கிழமை கட்டுரை வாசிப்புக்காக. கட்டுரை: ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வு. அ ஆதரவு வாதம், ம மறுப்பு, ↑ தாங்குகிறது, ✕ தாக்குகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பவை என் கருத்து.

முடிவு: நுரையீரல் புற்றுநோய் உண்டாவதில் புகைபிடித்தல் ஒரு காரணி, அதுவும் முக்கியமான காரணி.
(‘ஒரே காரணம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. விவாதத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.)

அ1 ↑ முடிவு: நோயாளிகளிடையே புகைக்காதவர்கள் மிக அரிது.
 சான்று: லண்டன் மருத்துவமனைகளில் 649 ஆண் நோயாளிகள், பாலினமும் வயதும் ஒத்த, வேறு நோயுள்ள 649 ஆண்கள். புகைக்காதவர்கள் முதல் குழுவில் 2 பேர், மற்றதில் 27 பேர். பெண்களில் 60-க்கு 19, 60-க்கு 32.

அ2 ↑ முடிவு: அளவு கூடினால் ஆபத்தும் கூடும்.
 சான்று: நாளுக்கு 25 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்த ஆண்கள் புற்றுநோய்க் குழுவில் 168 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 84 பேர்.
(கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். அ1 இரண்டே பேரை நம்பி நிற்கிறது.)

 ம1 ✕ அ1, அ2: புற்றுநோய் என்று தெரிந்தே பேட்டி எடுத்தவர், பழக்கத்தைக் கூட்டி எழுதியிருக்கலாம்.
  பதில் ✕ ம1: முதலில் நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு அது இல்லை என்று தெரியவந்தவர்கள் இருந்தனர். அவர்களின் பழக்கம் ஒப்பீட்டுக் குழுவைப் போலவே இருந்தது. (அபாரமான பதில். ம1 இதோடு விழுகிறது.)

 ம2 ✕ அ1, அ2: ஒப்பீட்டுக் குழுவும் மருத்துவமனைக் குழுதானே? அவர்களின் நோய்க்கும் புகை காரணமாக இருக்கலாம்.
  பதில்: இருந்தால் வித்தியாசம் குறைந்தே தெரியும். ஆகவே இந்த மறுப்பு முடிவுக்குத்தான் உதவுகிறது. (கட்டுரையில் இல்லை, நான் சேர்த்தது.)

அ3 ↑ முடிவு (பலவீனம்): இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 1922-இல் 612, 1947-இல் 9,287.
 ✕ எக்ஸ்ரே பரவியதால் கண்டுபிடிப்பு கூடியிருக்கலாம். சாலைத் தார், வாகனப் புகையும் அதே காலத்தில் பெருகின. (ஆய்வுக்குத் தூண்டுதல் என்ற அளவில் சரி. இதை எடுத்துவிட்டாலும் முடிவு நிற்கும்.)

ம3 ✕ முடிவு: புகைக்கத் தூண்டும் பரம்பரைக் கூறே புற்றுநோயையும் தரலாம். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1950-களின் பிற்பகுதியில் எழுப்பியது. அ1, அ2-ஐ ஒத்துக்கொண்டே முடிவை மட்டும் அசைப்பதால் இதுவே கூர்மையான மறுப்பு.
  பதில் (1959, கார்ன்ஃபீல்டும் சகாக்களும்): ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதை முழுதும் விளக்கும் மறைகாரணியும் புகைப்போரிடம் ஒன்பது மடங்காவது அதிகம் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை.

ம4 ✕ முடிவு: புகையை உள்ளிழுப்பதாகச் சொன்னவர்கள் புற்றுநோய்க் குழுவில் 61.6%, மற்றதில் 67.2%. தலைகீழ்! இந்தக் கட்டுரைக்குள் பதில் இல்லை. (கோட்டைத் திறந்தே விட்டிருக்கிறேன், வியாழனன்று இதிலிருந்தே தொடங்கலாம்.)